சோற்றுக்கற்றாழையா, சேராங்கொட்டையா? ஓர் ஓலைப் படத்தின் வாசிப்பைப் பற்றி

கடந்த பள்ளி விடுமுறையில் நம் புலனக் குழுக்களில் ஒரு படம் சுற்றி வந்ததை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். கிள்ளானில் ஒரு குடும்பத்தார் பரம்பரையாக வைத்திருக்கும் ஓலைக்கட்டிலிருந்து ஒரே ஓர் ஏடு. கைப்பேசியில் எடுத்த படம். அதோடு, நண்பர் ஒருவர் தட்டச்சு செய்த "எளிய வடிவமும்" வந்தது. ஒரு லேகியத்துக்கான செய்முறை அது. படிக்கச் சுலபமாக, அழகாக இருந்தது. நான்காம், ஐந்தாம் படிவ மாணவர்களுக்குப் "பண்டைய தமிழர் மருத்துவம்" என்று வகுப்பில் கொடுக்கலாம் என்று சிலர் எழுதியிருந்தார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன்.

அந்த எளிய வடிவத்தைத்தான் இங்கே விமர்சிக்கப் போகிறேன். நண்பரைக் குறை சொல்வதற்காக இல்லைங்க. பழைய ஏட்டைப் பார்த்து ஒரு வரியாவது எழுத்துக் கூட்டத் தெரிந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? அவர் செய்தது பெரிய வேலை. ஆனால் ஓலையில் இருப்பது, அவர் ஊகித்தது, இரண்டையும் பிரித்துக் காட்டாமல் ஒரே எழுத்தில், ஒரே நிறத்தில் அச்சிட்டுவிட்டார். கவிதை என்றால் பரவாயில்லை என்று விட்டுவிடலாம். இது சமைத்துச் சாப்பிடும் பொருள். என் வகுப்பு மாணவி ஒருத்தி, "டீச்சர், பாட்டிகிட்ட காட்டினேன், செய்து பார்க்கலாம்னு சொன்னாங்க" என்று வந்து நின்றாள். அன்றைக்குத்தான் படத்தை உட்கார்ந்து சரியாகப் பார்த்தேன்.

சிக்கலான பகுதி ஒரே வரிதான். ஓலையில் உள்ளபடி, புள்ளியும் இடைவெளியும் இல்லாமல் எழுதினால் இப்படி வரும்:

மிளகுபலமசுககுபலமஉ – கொம்பு, ச, கால் (அல்லது ர) – சுரண்டிப்போன இடம் – பலமக

நண்பரின் வடிவம்: "மிளகு பலம் 6, சுக்கு பலம் 2, சோற்றுக்கற்றாழை பலம் 1."

முதலில் புள்ளியைப் பார்ப்போம். மெய்யெழுத்து புள்ளி பெறும் என்று தொல்காப்பியம் சொல்கிறது, குற்றெழுத்தான எகர ஒகரமும் புள்ளி பெறும் என்கிறது. நாம் வகுப்பில் நடத்துகிறோம். ஆனால் ஏடு எழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளி வைப்பதில்லை. எழுத்தாணியால் குத்தினால் ஓலை கிழியும் என்று பொதுவாகக் காரணம் சொல்வார்கள். காரணம் எதுவானாலும், நம் கண்முன் இருக்கும் ஏட்டில் "பலம" என்றுதான் இருக்கிறது, "பலம்" என்று இல்லை. "சுககு" என்றுதான் இருக்கிறது. இந்த இரண்டு இடத்திலும் யாருக்கும் சந்தேகம் வராது, வேறு சொல்லே கிடையாது. சந்தேகம் வராத இடத்தில் புள்ளியை நாம் வைத்துக்கொள்ளலாம்.

புள்ளியோடு சேர்ந்து இன்னும் இரண்டு வேறுபாடுகள் ஏட்டில் இல்லை என்பதை நாம் மறந்துவிடுகிறோம். குறில் எகரத்துக்கும் நெடில் ஏகாரத்துக்கும் ஒரே கொம்புதான். இன்று நாம் எழுதும் சுழித்த கொம்பு வீரமாமுனிவர் செய்த திருத்தம் என்பது மரபு. அவர் 18-ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் வாழ்ந்தவர், ஆனால் அவருக்குப் பிறகும் ஏடு எழுதியவர்கள் பழைய வழக்கத்தை உடனே விட்டுவிடவில்லை. அடுத்தது, காலும் ரகரமும். ஏட்டில் இரண்டும் ஒரே கோடு. சாபம் என்று எழுதினாலும் சரபம் என்று எழுதினாலும் ஓலையில் ஒரே உருவம்தான். ஒன்று வில், இன்னொன்று சிங்கத்தையே கொல்லும் புராண விலங்கு. சுவடி படித்த உ.வே.சாமிநாதையர் தம் சுயசரிதையில் இந்தத் தொல்லையைச் சொல்லியிருக்கிறார்.

ஒரு சின்னப் பயிற்சி செய்து பாருங்கள். கொம்பு, ப, ஒரு கோடு, அடுத்து இன்னொரு கோடு. நான்கே குறிகள். போர், பொர, பேரா, பெரா, போர... எத்தனை வருகிறது என்று மாணவர்களை எழுதச் சொல்லுங்கள். என் வகுப்பில் ஆறு வரை போனார்கள். எது சரி என்பதைச் சுற்றியுள்ள சொற்கள்தான் சொல்ல வேண்டும், எழுத்து சொல்லாது.

இப்போது சுரண்டிப்போன இடத்துக்கு வருவோம். கொம்பு, ச, ஒரு கோடு. இவ்வளவுதான் உறுதி. இந்தக் கோடு கால் என்றால் "சோ" அல்லது "சொ". ரகரம் என்றால் "சேர" அல்லது "செர". நண்பர் கால் என்று எடுத்துக்கொண்டார், சோற்றுக்கற்றாழை என்று முடித்தார். நம் வீட்டு வாசலில் தொட்டியில் வளரும் செடி, பாட்டிக்குத் தெரியும், எல்லாருக்கும் தெரியும். மனசு அங்கேதான் போகும். நானும் முதல்முறை அப்படியே படித்தேன், மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் ரகரம் என்று எடுத்தால் சேராங்கொட்டை வருகிறது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், அது மேலே பட்டாலே தோல் கொப்புளித்துப் புண்ணாகும் கொட்டை. சித்த மருத்துவத்தில் பயன்படுத்துகிறார்கள், ஆனால் சுத்தி செய்த பிறகுதான், அதுவும் தெரிந்தவர் கையால்தான். கற்றாழைக்குப் பதில் அது, அல்லது அதற்குப் பதில் கற்றாழை. எந்தப் பக்கம் தவறினாலும் மருந்து அந்த மருந்து இல்லை.

சரி, சுரண்டிய இடத்தில் எத்தனை குறிகள் கொள்ளும் என்று எண்ணிப் பார்க்கலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. படத்தில் அளவுகோல் வைக்கவில்லை, ஆகவே மில்லிமீட்டர் கணக்கு சொல்ல முடியாது. அதே வரியில் சேதமில்லாத பகுதியை எடுத்து, அதன் அகலத்தை இந்த இடத்தின் அகலத்தோடு ஒப்பிட்டேன். ஏழிலிருந்து ஒன்பது குறிகள் கொள்ளும் இடம் அது.

சோற்றுக்கற்றாழை என்றால் மீதி என்ன வேண்டும்? ற, று, க, க, ற, றா, ஐகாரக் குறி, ழ. எட்டு. (பழைய எழுத்தில் றா தனி உருவம், ஒரே குறியாக எண்ணுகிறேன். தமிழ்நாட்டு அரசு 1978-இல் செய்த சீர்திருத்தத்துக்குப் பிறகுதான் அதை இரண்டாக எழுதுகிறோம்.) சேராங்கொட்டை என்றால் மீதி? கால், ங, கொம்பு, க, கால், ட, ஐகாரக் குறி, ட. அதுவும் எட்டு! எண்ணி முடித்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. மருத்துவ ஏடுகளில் பேச்சு வழக்குப்படி "சோத்துக்கத்தாழை" என்று எழுதியிருக்கவும் கூடும். அப்படியானால் ஒன்பது குறி. அதுவும் அந்த இடத்தில் கொள்ளும். ஆக, இடத்தின் நீளம் நமக்கு உதவவில்லை.

அடுத்து வரும் சொற்கள் உதவுமா? பனைவெல்லப் பாகில் இட்டுக் கிண்டச் சொல்கிறது. கற்றாழையிலும் லேகியம் உண்டு, குமரி லேகியம் என்று கடையிலேயே விற்கிறார்கள். சேராங்கொட்டை சேரும் மருந்துகளும் உண்டு. கற்றாழை என்றால் "சோறு எடுத்து", "கழுவி" என்று ஏதாவது சொல்லியிருப்பார்கள் என்று ஒரு நண்பர் வாதாடினார். சேராங்கொட்டை என்றால் "சுத்தி செய்து" என்று சொல்லியிருக்க வேண்டுமே என்று நான் திருப்பிக் கேட்டேன். இரண்டும் இந்த ஏட்டில் இல்லை. எழுதியவர் தமக்குத் தெரிந்ததை எழுதாமல் விட்டிருக்கலாம். தன் வீட்டுக்கு எழுதிக்கொண்ட குறிப்பில் யார் எல்லாவற்றையும் விளக்குவார்கள்?

ஒரே ஒரு தடயம்தான் இருக்கிறது. சுரண்டிய இடத்தின் கடைசியில், வரிக்குக் கீழே ஒரு சின்னக் கோட்டு நுனி தெரிகிறது. டகரத்துக்கு வரிக்குக் கீழே எதுவும் இறங்காது. ழகரத்துக்கு இறங்கும். அப்படியானால் கற்றாழைதான் என்று சொல்லிவிடலாமா? அவசரப்படாதீர்கள். அது எழுத்தின் கோடா, ஓலையில் விழுந்த கீறலா என்பதை இந்தப் படத்தில் சொல்ல முடியாது. ஏன் என்று சொல்கிறேன், இது படம் எடுக்கப் போகிறவர்களுக்கும் தேவை.

ஏட்டில் எழுத்து மையால் எழுதப்படுவதில்லை. எழுத்தாணி ஓலையின் மேல்தோலைக் கீறுகிறது, பிறகு விளக்குக் கரி போன்ற மையைத் தடவித் துடைப்பார்கள். கீறிய பள்ளத்தில் மட்டும் கருப்பு தங்கும். நாளாவட்டத்தில் அந்தக் கருப்பு போய்விடும். பள்ளம் அப்படியே இருக்கும். கைப்பேசியின் ஒளியை நேரே அடித்துப் படம் எடுத்தால் கருப்பு இல்லாத பள்ளம் தெரியவே தெரியாது, நிழலே விழாதல்லவா. சுரண்டியது என்று நாம் நினைக்கும் இடத்தில் எழுத்து முழுதாக இருக்கவும் கூடும். விளக்கை இடப்பக்கத்திலிருந்து தாழ்வாகச் சாய்த்துப் பிடித்தால் கால், ரகரம் போன்ற செங்குத்துக் கோடுகளின் நிழல் எழும். மேற்பக்கத்திலிருந்து சாய்த்தால் படுக்கைக் கோடுகள் எழும். ஒரே ஏட்டுக்கு இரண்டு படமாவது வேண்டும். அப்புறம், ஓலையின் நரம்பு நீளவாக்கில் ஓடும். அது படத்தில் படுக்கைக் கோடு மாதிரியே இருக்கும், பல பேரை ஏமாற்றியிருக்கிறது.

புள்ளியும் இப்படித்தான் ஏமாற்றும். இந்த ஏட்டில் "இடிதது" என்ற சொல்லில் முதல் தகரத்தின் மேல் ஓர் அழகான புள்ளி இருக்கிறது. "பாருங்க, இவர் புள்ளி வைத்து எழுதியிருக்கிறார்" என்று குழுவில் ஒருவர் மகிழ்ந்து எழுதினார். பின்பக்கப் படத்தைக் கேட்டு வாங்கினேன். அதே இடத்தில் அங்கேயும் ஓட்டை. பூச்சி துளைத்தது. எழுத்தாணிப் புள்ளி ஒரு பக்கம்தான் இருக்கும், பூச்சி இரண்டு பக்கமும் போகும். ஆகவே பின்பக்கப் படம் இல்லாமல் புள்ளியைப் பற்றி எதுவும் சொல்லாதீர்கள்.

மிளகு விஷயம் இன்னும் பாக்கி இருக்கிறது. அது எனக்குக் கற்றாழையைவிடப் பிடித்த சிக்கல். "மிளகுபலமசுககுபலமஉ" என்பதை மறுபடி பாருங்கள். தமிழ் எண்ணில் உ என்றால் 2, சு போன்ற உருவம் 6. நண்பர் "மிளகு பலம் 6, சுக்கு பலம் 2" என்று படித்தார். அப்படியானால் ஓலையில் சு இரண்டு முறை வந்திருக்க வேண்டும், ஒன்று எண்ணுக்கு, ஒன்று சுக்குக்கு. ஒரே ஒரு சுதான் இருக்கிறது! அவர் அறியாமலேயே ஒன்றை இரண்டாக்கிவிட்டார்.

இதை எப்படிப் பார்ப்பது? எழுதியவர் "பலம் சு சுக்கு" என்று எழுத வந்து, ஒரே மாதிரி இரண்டு வந்ததால் ஒன்றை விட்டிருக்கலாம். ஏடு பார்த்து ஏடு எழுதும்போது கண் ஒரு சுவிலிருந்து அடுத்த சுவுக்குத் தாவுவது மிகச் சாதாரணம், நாமே தேர்வுத்தாளில் செய்கிறோம். அல்லது எண்ணே எழுதாமல் விட்டிருக்கலாம். அல்லது வேறு ஏதோ எண் விட்டுப்போயிருக்கலாம். முதல் விளக்கம்தான் எழுத்து ஏன் விடுபட்டது என்பதற்குக் காரணம் சொல்கிறது. ஆகவே நான் 6 பக்கம் சாய்கிறேன். ஆனால் சாய்கிறேன் என்பதுதான் சொல். பலம் ஒன்றுக்கு ஏறக்குறைய 35 கிராம் என்று இன்று கணக்கிடுகிறார்கள். 6 பலம் என்றால் 210 கிராம் மிளகு. அதை "6" என்று சந்தேகமே இல்லாமல் அச்சிட்டு ஒரு பாட்டியின் கையில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

இவ்வளவு சந்தேகம் தேவையா, தெரிந்த நூல் என்றால் இப்படி வராதே என்று நீங்கள் கேட்கலாம். தெரிந்த நூலில்தான் ஆபத்து அதிகம் என்பேன். நான் பத்துமலைப் பக்கம் குடியிருக்கிறேன். தைப்பூசக் காலத்தில் திருமுருகாற்றுப்படையை மனப்பாடமாகச் சொல்லும் பெரியவர்களைப் பார்க்கிறேன். பத்துப்பாட்டில் முதலாவதாகவும், பதினோராம் திருமுறையிலும் இருப்பதால் அதற்குச் சுவடிகளும் ஏராளம். பாரீஸ் தேசிய நூலகம்கூடத் தன்னிடமுள்ள தமிழ்ச் சுவடிகள் பலவற்றைப் படமாக்கிக் காலிக்கா தளத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. தெரிந்த பாட்டின் ஏடு ஒன்றை எடுத்துப் பாருங்கள், கடகடவென்று படிப்பீர்கள். நீங்கள் ஏட்டைப் படிக்கவில்லை, மனப்பாடத்தைப் படிக்கிறீர்கள். எழுதியவர் ஒரு சொல்லை மாற்றி எழுதியிருந்தால் உங்கள் கண் அதைத் தாண்டிப் போய்விடும். என் சோதனை இதுதான்: பின்னாலிருந்து, கடைசி எழுத்திலிருந்து முதலெழுத்து நோக்கி, ஒவ்வொரு குறியாக எழுதுங்கள். அப்போது மனப்பாடம் உதவாது. மெதுவாகத்தான் போகும்.

உ.வே.சா. 1889-இல் பத்துப்பாட்டைப் பதிப்பித்தார். கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் தலைவியும் தோழியும் பறித்துக் குவித்த பூக்களின் பெயர்கள் வரும் இடம் உங்களுக்குத் தெரியும், 99 பூ என்று நாம் தேர்வுக்குச் சொல்லிக் கொடுப்பது. அவர் கையிலிருந்த சுவடிகளில் அந்தப் பகுதி சிதைந்து கிடந்தது. தருமபுர ஆதீனத்தில் தேடிய ஏட்டில்தான் விடுபட்டது கிடைத்தது. இதை நாம் "தமிழ்த் தாத்தாவின் உழைப்பு" என்று மட்டும் நடத்துகிறோம். நான் இன்னொரு பக்கத்தைப் பார்க்கிறேன். பூப்பெயர் வரிசையைவிட நிரப்ப எளிதான இடம் உண்டா? யாப்பு தெரிந்தவருக்கு, சங்கப் பாட்டுகளில் ஆயிரம் பூ இருக்க, ஓசைக்கு ஏற்ற நான்கு பெயரைச் சேர்த்தால் ஒருவரும் கண்டுபிடிக்கமாட்டார்கள். அவர் இடைவெளியை இடைவெளியாகவே வைத்துக்கொண்டு ஏட்டைத் தேடிப் போனார். 1894-இல் வந்த புறநானூற்றிலும் 267, 268 ஆகிய பாட்டுகள் கிடைக்கவில்லை, இன்று வரை இல்லை. எண் மட்டும் இருக்கிறது, பாட்டு இல்லை. சிதைந்த அடிகளுக்குப் புள்ளிகள் இட்டிருப்பதையும் பதிப்பில் பார்க்கலாம். மாணவர்கள் அதை அச்சுப்பிழை என்று நினைக்கிறார்கள், ஒருமுறை காட்டிச் சொல்லுங்கள்.

அந்த 99-ஐயும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஏட்டில் சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. எங்கே ஒரு பூ முடிந்து அடுத்தது தொடங்குகிறது, எது பெயர், எது அடைமொழி என்பதைப் பிரிப்பவர்தான் தீர்மானிக்கிறார். எஸ்.பி.எம். தேர்வில் 99 என்றே எழுதுங்கள், மதிப்பெண் போய்விடப் போகிறது! ஆனால் அந்த எண்ணிக்கைக்குள் ஒருவருடைய சொற்பிரிப்பு இருக்கிறது என்று தெரிந்துகொண்டு எழுதுங்கள்.

நண்பரின் வடிவத்துக்கு மாற்றாக நான் தயாரித்ததை இங்கே தருகிறேன். பகர அடைப்பு என்றால் ஓலையில் இல்லாததை நான் சேர்த்தது. உடுக்குறி ஒன்றுக்கு ஒரு குறி போயிற்று என்று பொருள். வினாக்குறி என்றால் எனக்கு உறுதியில்லை. உலக வழக்கில் கல்வெட்டுப் படிப்பவர்கள் ஐயமான எழுத்தின் கீழ் புள்ளி இடுவார்கள். புள்ளியே பிரச்சினையாக இருக்கும் தமிழில் அது வேண்டாம் என்று விட்டுவிட்டேன். சந்தேகமில்லாத மெய்களுக்கு மட்டும் புள்ளி வைத்திருக்கிறேன்.

மிளகு பலம் [6?] சுக்கு பலம் 2 சோ / சேர(?) * * * * * * * * பலம் 1

பார்க்க அழகாக இல்லை, ஒத்துக்கொள்கிறேன். வகுப்பில் ஒட்டினால் "டீச்சர், இது என்ன பாதி வேலை?" என்பார்கள். என் வகுப்பில் அப்படித்தான் கேட்டார்கள். பழைய வடிவத்தையும் இதையும் பக்கத்தில் வைத்து, எந்தெந்தச் சொல்லுக்கு ஓலையில் ஆதாரம் இருக்கிறது என்று சிவப்புப் பேனாவால் குறிக்கச் சொன்னேன். மிளகு, சுக்கு, இரண்டு அளவுகள். அத்தோடு நின்றுவிட்டார்கள்.

பாட்டியிடம் நானே பேசினேன். லேகியம் செய்யவில்லை. ஆனால் அவர் ஒன்று கேட்டார்: "அந்தக் கொட்டைன்னா என் அப்பா சேங்கொட்டைன்னுதான் சொல்லுவாரு, சேராங்கொட்டைன்னு சொல்ல மாட்டாரு. எழுதினவங்க எப்படிச் சொல்லுவாங்க?" நல்ல கேள்வி. சேங்கொட்டை என்ற வழக்கும் உண்டு. அப்படி எழுதியிருந்தால் சகரத்துக்குப் பின் அந்தக் கோடே வந்திருக்காது. இந்த ஏட்டை எழுதியவர் எந்த ஊர்க்காரர் என்று தெரிந்தால் இந்தக் கேள்வி ஒரு பக்கம் எடை கூட்டும். குடும்பத்தாரிடம் கேட்டிருக்கிறேன். கட்டில் இன்னும் பல ஏடுகள் இருக்கின்றன. அதே கையெழுத்தில் வேறோர் ஏட்டில் இதே மருந்துப்பொருள் முழுதாக வந்திருந்தால் சிக்கல் தீரும்.

அதற்குள் அவர்கள் புதுப் படம் ஒன்று அனுப்பினார்கள், இடப்பக்கம் மேசைவிளக்கைச் சாய்த்து வைத்து எடுத்தது. வரிக்குக் கீழே இருந்த அந்த நுனி இப்போது கொஞ்சம் நீளமாகத் தெரிகிறது, நிழலும் விழுகிறது. பள்ளம்தான், கறை இல்லை. ஆனால் அதே மாதிரி இன்னொரு பள்ளம் இரண்டு விரல் தள்ளி, எழுத்தே இல்லாத ஓரத்திலும் இருக்கிறது. மேற்பக்கமிருந்து ஒளி சாய்த்து இன்னொன்று எடுக்கச் சொல்லியிருக்கிறேன். எண்ணெயோ மஞ்சளோ தடவ வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறேன். அதுவரை என் வடிவத்தில் அந்த எட்டு உடுக்குறிகளும் அப்படியே இருக்கும்.